'தகவல் தொடர்பு மேம்பட வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள்

ப்ராஜெக்ட் முடிந்ததும் எழுதுகிற க்ளோஷர் ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கங்களில் ஒரு பகுதி வரும். 'கற்ற பாடங்கள்' என்று தலைப்பு இருக்கும். செலவுக் கணக்கு, காலக்கெடு, ஒப்படைத்தவற்றின் பட்டியல் எல்லாம் எழுதி முடித்து, கை ஓய்ந்த பிறகு எழுதுகிற பகுதி அது. எங்கள் அலுவலகத்தில் இந்த ரிப்போர்ட்டுகள் மேலே போவதற்கு முன் படித்துப் பார்ப்பது என் வேலை. அதனால் இந்தப் பகுதியை மட்டும் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் மூன்று வாக்கியங்கள் மாறி மாறி வரும். தகவல் தொடர்பு மேம்பட வேண்டும். தேவைகளைத் தொடக்கத்திலேயே உறுதி செய்ய வேண்டும். வாடிக்கையாளர் தரப்புத் தாமதத்தை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாலம் கட்டுகிற ப்ராஜெக்ட்டுக்கும் இதை எழுதலாம், பள்ளி ஆண்டு விழாவுக்கும் எழுதலாம். அடுத்து இதே மாதிரி ஒரு வேலையை எடுக்கப்போகிற மேனேஜர் இதைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை எதை மாற்றிச் செய்வார்? எதையும் மாற்ற மாட்டார். ஆகவே அந்தப் பகுதி எழுதியவரைக் காப்பாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அது எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று முழுதாகச் சொல்கிறேன். யாருடைய வேலை என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த தவறின் தன்மை அப்படியே இருக்கிறது.

மருந்து மொத்த விற்பனை செய்கிற ஒரு நிறுவனம். மாத்திரை, சிரப், ஊசி மருந்து என்று பல ஆயிரம் சரக்குகள், இரண்டு மூன்று ஊர்களில் குடோன். பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த பழைய பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து புதிய சாஃப்ட்வேருக்கு மாறுவதுதான் ப்ராஜெக்ட். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அன்று கோ-லைவ் என்று திட்டம். நடந்தது ஜூலை 1 அன்று. மூன்று மாதத் தாமதம்.

அந்த டீம் முதலில் அனுப்பிய ரிப்போர்ட்டில் பாடம் இப்படி இருந்தது:

> வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பெறப்பட்ட தரவு பிழைகளுடன் இருந்ததால் காலதாமதம் ஏற்பட்டது. இனிவரும் ப்ராஜெக்ட்டுகளில் தரவின் தரத்தை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும்.

படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: என்ன பிழை? அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

பழைய சாஃப்ட்வேரில் சரக்கின் பெயர், இருப்பு, விலை என்று கட்டங்கள் இருந்தன. இருப்பு எந்த அலகில் என்பதற்குக் கட்டமே இல்லை. 50 என்றால் 50. அது 50 ஸ்ட்ரிப்பா, 50 பாக்ஸா என்பது குடோனில் வேலை செய்கிறவர்களின் தலைக்குள் இருந்தது. மாத்திரை என்றால் பெரும்பாலும் ஸ்ட்ரிப் கணக்கு. ஆனால் வேகமாக ஓடுகிற சில மாத்திரைகளைக் கடைக்காரர்கள் பாக்ஸாகவே கேட்பதால், அவற்றை மட்டும் எப்போதோ பாக்ஸ் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். புதிய சாஃப்ட்வேரில் அடிப்படை அலகு கட்டாயம் தர வேண்டும். டேட்டாவை மாற்றியவர்கள் மாத்திரை எல்லாவற்றுக்கும் 'ஸ்ட்ரிப்' என்று கொடுத்தார்கள்.

ஏற்றி முடித்ததும் சரிபார்த்தார்கள். ஒவ்வொரு சரக்கின் இருப்பையும் விலையையும் பெருக்கி, மொத்தத்தைக் கூட்டி, கணக்குப் புத்தகத்தில் உள்ள சரக்கு மதிப்போடு ஒப்பிட்டார்கள். ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது. எல்லோருக்கும் நிம்மதி.

ஏன் ஒத்துப்போனது என்று பாருங்கள். பாக்ஸ் கணக்கில் இருந்த மாத்திரைக்கு விலையும் பாக்ஸ் விலைதான். ஒரு பாக்ஸில் 10 ஸ்ட்ரிப், பாக்ஸ் விலை 300 ரூபாய், இருப்பு 50 பாக்ஸ் என்றால் மதிப்பு 15,000. புதிய சாஃப்ட்வேரில் அது 50 ஸ்ட்ரிப், ஸ்ட்ரிப் விலை 300 ரூபாய் என்று போய் உட்கார்ந்தது. மதிப்பு அதே 15,000. உண்மையில் இருந்திருக்க வேண்டியது 500 ஸ்ட்ரிப், தலா 30 ரூபாய். அதுவும் 15,000தான். இருப்பும் விலையும் ஒரே அளவுக்கு எதிரெதிர்த் திசையில் தவறும்போது, பெருக்குத் தொகை அந்தத் தவறைக் காட்டவே காட்டாது. சரிபார்ப்பை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால் இந்த வகைத் தவறைப் பிடிக்கும் சக்தி அந்தச் சரிபார்ப்புக்கு இல்லை.

இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே அந்த க்ளோஷர் ரிப்போர்ட்டைப் படிக்கலாம். 'தரவு பிழைகளுடன் இருந்தது' என்ற வாக்கியம் அதை முழுதாகப் புதைத்துவிட்டது. அதற்கு மேல், பழியும் தவறான இடத்தில் போய் விழுகிறது. வாடிக்கையாளர் கொடுத்த தரவில் பிழை இல்லை. அவர்களுடைய பழக்கத்தின்படி அது முழுக்கச் சரி. நாம் அதைப் படித்த விதத்தில்தான் பிழை.

இனி அடுத்த பகுதி. பிப்ரவரி 2ஆவது வாரம் வாடிக்கையாளரின் ஆட்களைக் கூப்பிட்டுப் புதிய சாஃப்ட்வேரில் பில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். குடோன் மேற்பார்வையாளர் ஒருவர் நான்காவதோ ஐந்தாவதோ பில்லிலேயே நிறுத்திவிட்டார். "சார், இந்த மாத்திரை ஸ்ட்ரிப்பு முந்நூறு ரூபாயெல்லாம் கிடையாதே" என்றார். அதை மினிட்ஸில் எழுதினார்கள். எப்படித் தெரியுமா? 'விலைப் பட்டியலைச் சரிபார்த்தல் – பொறுப்பு: வாடிக்கையாளர்.' அந்த வரி அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் போனது. அவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். விலை 300 என்றுதான் இருந்தது. 'விலை சரி' என்று பதில் வந்தது. அந்த வரியை முடிந்தது என்று மூடினார்கள்.

அவர் சொன்னது அலகைப் பற்றி. எழுதியது விலையைப் பற்றி. பதில் வந்ததும் விலையைப் பற்றி, அதுவும் சரியான பதில். மார்ச் 3ஆவது வாரம் முழு ஒத்திகையின்போது ஒரு கடையின் பழைய ஆர்டரை அப்படியே போட்டுப் பார்த்தார்கள். இருப்பு போதவில்லை என்று சாஃப்ட்வேர் சொன்னது, குடோனிலோ அந்த மாத்திரை அடுக்கிக் கிடந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. எல்லா மாத்திரைகளையும் குடோனில் நேரில் பார்த்து அலகைத் திருத்தி மறுபடி ஏற்ற ஐந்து வாரம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஏப்ரல் 1 போயிற்று. காலாண்டின் நடுவில் மாறினால் கணக்கு இரண்டு சாஃப்ட்வேரில் சிதறும், அது வேண்டாம் என்று அவர்களுடைய ஆடிட்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஐந்து வார வேலை இப்படித்தான் மூன்று மாதத் தாமதமாகப் பெருகியது.

இந்தக் கதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியதில் வெளியே வந்தது. ஆனால் 'என்ன தப்பு நடந்தது, சொல்லுங்கள்' என்று கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால் வந்திருக்காது. கூட்டத்துக்கு முன்னால் நான் கேட்டு வாங்கியவை வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டுகள், மினிட்ஸ், ரிஸ்க் ரெஜிஸ்டரின் பழைய பிரதிகள். தேதி வாரியாக ஒரு தாளில் அடுக்கினேன். பிப்ரவரி 2ஆவது வாரம் அந்த விலைக் கேள்வி வருகிறது, அடுத்த வாரம் மூடப்படுகிறது, ஸ்டேட்டஸ் பச்சையாகவே இருக்கிறது. மார்ச் 3ஆவது வாரம் ஒரே அடியாகச் சிவப்பு. இடையில் மஞ்சளே இல்லை. இப்படிப் பச்சையிலிருந்து நேரே சிவப்புக்குத் தாவுகிற இடம் கண்ணில் பட்டால், அதற்கு முந்தைய நான்கைந்து வாரங்களின் மினிட்ஸைத் தோண்டுங்கள். ஏதோ ஒரு அறிகுறி வந்து, வேறு பெயரில் பதிவாகி, மூடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நினைவை நம்பாமல் தாளை நம்புவதற்கு வேறு காரணமும் உண்டு. முடிவு தெரிந்த பிறகு, அது முதலிலேயே தெரிந்த விஷயம்தான் என்று நமக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியல் ஆய்வாளர் 1975-இல் இதைச் சோதனைகளில் காட்டினார்: ஒரு நிகழ்வின் முடிவைச் சொன்னவுடன், அந்த முடிவு எவ்வளவு எளிதாக ஊகிக்கக் கூடியது என்பதை ஆட்கள் அதிகமாக மதிப்பிட்டார்கள். ப்ராஜெக்ட் கூட்டத்தில் இதற்கு இரண்டு விளைவு. 'இதைக்கூடப் பார்க்க மாட்டீர்களா' என்று கேட்பவருக்குத் தவறு அப்பட்டமாகத் தெரிகிறது. பதில் சொல்ல வேண்டியவருக்கோ அன்றைக்கு அது தெரியவே இல்லை. உடனே அவர் தற்காப்புக்குப் போய்விடுகிறார். அதனால் நான் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்பதில்லை. 'அந்தத் தேதியில் உங்கள் முன்னால் என்ன இருந்தது, அதை வைத்து என்ன முடிவெடுத்தீர்கள்' என்று கேட்பேன். அந்த டேட்டா டீமின் பையன் இந்தக் கேள்விக்குத்தான் சொன்னான்: "மதிப்பு டேலி ஆயிடுச்சு சார், அதான் அதுக்கு மேல பாக்கலை." ரிப்போர்ட்டின் உயிரே இந்த ஒரு வரிதான்.

இதோடு அப்படியே பொருந்துகிற ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. அலகுக் குழப்பம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விண்கலத்தின் சிறிய உந்துவிசைகளைக் கணக்கிட்டுத் தந்த தரைக்கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர், நியூட்டன்-விநாடியில் தர வேண்டியதை பவுண்ட்-விநாடியில் தந்தது. இரண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய பிழைதான். ஒன்பது மாதப் பயணத்தில் அது சேர்ந்து சேர்ந்து, செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் போய்விட்டது. அந்த உயரத்தில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆர்தர் ஸ்டீஃபன்சன் தலைமையிலான விசாரணைக் குழு அந்த நவம்பர் 10 அன்றே முதல் அறிக்கையைத் தந்தது. இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் படியுங்கள். மூல காரணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு அந்த அறிக்கை நிற்கவில்லை. உடன் காரணங்களாக எட்டைச் சொல்கிறது. வழிநடத்தும் குழுவுக்கு அந்தக் கலத்தின் தன்மைகள் போதுமான அளவு தெரிந்திருக்கவில்லை. ஆட்கள் போதவில்லை, ஒரே குழு ஒன்றுக்கு மேற்பட்ட விண்கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரைக்கட்டுப்பாட்டு சாஃப்ட்வேரைச் சோதிப்பதில் போதிய கவனம் இல்லை. கலத்தைக் கட்டியவர்களுக்கும் வழிநடத்தியவர்களுக்கும் இடையே பேச்சு போதவில்லை. குறிப்பாக ஒன்று: கணக்கு இடிக்கிறது என்று வழிநடத்தும் குழுவில் சிலர் கவனித்திருந்தார்கள். ஆனால் அதை முறையான பதிவாக எழுப்பாமல் ஈமெயிலிலும் பேச்சிலுமாக விட்டதால், அது தீராமலே நின்றுபோனது. எங்கள் மருந்துக் குடோன் மேற்பார்வையாளருக்கு நடந்தது இதேதான். பார்த்தவர் இருந்தார், சொன்னவர் இருந்தார். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

தற்காப்புக்காக எழுதியிருந்தால் அந்த அறிக்கை 'ஒரு நிறுவனத்தின் டீம் தவறான அலகைப் பயன்படுத்தியது' என்பதோடு முடிந்திருக்கும். அது உண்மைதான். ஆனால் அதைப் படித்து அடுத்தவர் கற்கக்கூடியது 'சரியான அலகைப் பயன்படுத்து' என்பது மட்டுமே. எல்லோரும் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தவறான அலகு ஒன்பது மாதம் யார் கண்ணிலும் படாமல் எப்படிப் பயணம் செய்தது என்பதுதான் கேள்வி. எட்டுக் காரணங்களும் அந்தக் கேள்விக்கான பதில்.

அந்த அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அப்போது மார்ஸ் போலார் லேண்டர் என்ற இன்னொரு கலம் செவ்வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் 3 அன்று இறங்க வேண்டும், மூன்று வாரம்தான் பாக்கி. அதை இயக்குகிறவர்கள் உடனே என்னென்ன செய்ய வேண்டும் என்று அறிக்கை நேராகச் சொன்னது. பெயர் சொல்லக்கூடிய ஒரு வாசகர், அவருக்கு ஒரு தேதி. பாடம் எழுதும்போது நமக்கும் இது இருக்க வேண்டும். அந்த லேண்டரும் தொலைந்துபோனது என்பது தனி வருத்தம். கால்கள் விரிந்தபோது வந்த அதிர்வைத் தரை தொட்டதாக எடுத்துக்கொண்டு எஞ்சின் முன்கூட்டியே அணைந்திருக்கலாம் என்பதே மிகவும் வாய்ப்புள்ள காரணமாகச் சொல்லப்பட்டது. முந்தைய பாடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நன்றாக எழுதிய பாடம்கூட அது பார்த்த தவறை மட்டுமே தடுக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டில் பாடம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்றும் எழுதச் சொல்கிறேன்.

மருந்து ப்ராஜெக்ட்டின் பாடம் கடைசியில் இப்படி ஆனது:

> பழைய சாஃப்ட்வேரில் அலகுக்கான கட்டம் இல்லை. மாத்திரைகள் எல்லாம் ஸ்ட்ரிப் கணக்கில் இருப்பதாக எடுத்துக்கொண்டு ஏற்றினோம். வேகமாக விற்கும் சில, பாக்ஸ் கணக்கில் இருந்தன. சரக்கு மதிப்பை மட்டும் ஒப்பிட்டோம். விலையும் பாக்ஸுக்கானது என்பதால் மதிப்பு ஒத்துப்போனது, தவறு தெரியவில்லை. பிப்ரவரி 2ஆவது வாரம் குடோன் மேற்பார்வையாளர் இதைச் சுட்டிக்காட்டினார். மினிட்ஸில் விலை பற்றிய கேள்வியாகப் பதிந்ததால் தவறான ஆட்களிடம் போய் மூடப்பட்டது.
>
> அடுத்த முறை: பழைய சாஃப்ட்வேரில் அலகுக் கட்டம் இல்லையென்றால், டேட்டாவை மாற்றும் விதிகளில் கையெழுத்து வாங்குவதற்கு முன், அதிகம் விற்கும் 50 சரக்குகளைக் குடோனில் நேரில் எண்ணி இருப்போடு ஒப்பிட வேண்டும். மதிப்புச் சரிபார்ப்பு இதற்கு மாற்று ஆகாது. இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை. பயனர் எழுப்பும் கேள்வியை அவர் சொன்ன சொற்களிலேயே பதிய வேண்டும். அவரே சரி என்று சொன்ன பிறகுதான் மூட வேண்டும். பழைய சாஃப்ட்வேரில் அலகும் மாற்று விகிதமும் தனித்தனியாக இருந்தால் நேரில் எண்ணும் வேலை தேவையில்லை.

இதில் யார் பெயரும் இல்லை. அதே நேரத்தில் எதுவும் மறைக்கப்படவும் இல்லை. 'எடுத்துக்கொண்டு ஏற்றினோம்' என்று தன்மையில் எழுதியிருக்கிறது, கவனியுங்கள். 'ஏற்றப்பட்டது', 'கருதப்பட்டது' என்று எழுதினால் முடிவெடுத்தவர் யார் என்பதே காணாமல் போகும். பெயரை எடுத்துவிட்டுப் பதவியைப் போடுவதிலும் பயனில்லை. ஒரே ஒரு டெஸ்ட் லீட் இருக்கிற ப்ராஜெக்ட்டில் 'டெஸ்ட் லீட் கவனிக்கவில்லை' என்றால் பெயரைப் போட்ட மாதிரிதான். எடுத்த முடிவையும் அதற்கு அன்றிருந்த காரணத்தையும் எழுதினால் போதும். படிப்பவர் 'நானும் இதையேதான் செய்திருப்பேன்' என்று உணர்கிற அளவுக்கு அந்தக் காரணம் விளங்க வேண்டும். அப்போதுதான் அவர் தன் ப்ராஜெக்ட்டில் எச்சரிக்கையாவார்.

'நன்றாக நடந்தவை' என்ற பட்டியலிலும் இதே நேர்மை வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் 'கட்டம் கட்டமாக கோ-லைவ் செய்யும் உத்தி வெற்றி பெற்றது' என்று ஒரு வரி இருந்தது. ஜூலை 1 அன்று சின்ன குடோன் ஒன்று மட்டும் முதலில் மாறியது. அங்கே வந்த பில் பிரின்ட்டர் சிக்கல்களை இரண்டு நாளில் சரிசெய்துவிட்டு, பெரிய குடோனை அதற்குப் பிறகு மாற்றினார்கள். எல்லாம் சுமுகமாக முடிந்தது. விசாரித்தால், திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. எல்லாக் குடோனும் ஒரே நாளில் மாறுவதாகத்தான் இருந்தது. பெரிய குடோனில் அந்த வாரம் சரக்கு இருப்பு எடுத்துக்கொண்டிருந்ததால் அவர்கள் தள்ளிப்போடச் சொன்னார்கள். அதிர்ஷ்டம். இதை உத்தி என்று எழுதிவிட்டால், அடுத்த திட்டத்தில் மறுபடி எல்லாவற்றையும் ஒரே நாளில்தான் போடுவார்கள், ஏனென்றால் திட்டத்தின் டெம்ப்ளேட் மாறியிருக்காது. 'தற்செயலாக நடந்தது, பலன் தந்தது, அடுத்த முறை சின்ன குடோனை ஒரு வாரம் முன்னதாக மாற்றுவதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்' என்று எழுதினோம். கிடைத்த பாராட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள அந்த மேனேஜர் சம்மதித்தார். அதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது.

இவ்வளவும் செய்தாலும், ஆட்கள் தற்காப்பாக எழுதுவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மொத்தத் தொகை பேசி எடுத்த வேலையாக இருந்தால் பெரும்பாலும் கடைசித் தவணைப் பணம் க்ளோஷர் கையெழுத்தோடு கட்டப்பட்டிருக்கும். 'நாங்கள் தவறாக எடுத்துக்கொண்டோம்' என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் தொகையைக் குறைப்பார் என்ற பயம் நியாயமானது. சம்பள உயர்வுக் கூட்டம் அடுத்த மாதம் இருந்தால் பயம் இன்னும் அதிகம். இதற்கு நேர்மையைப் பற்றி உபதேசம் செய்வது மருந்தல்ல. கூடுதல் வேலைக்கான பணம், தாமதத்துக்கான பிடித்தம் போன்ற பேச்சுவார்த்தைகளைத் தனிக் கடிதத்தில் முதலில் முடித்துவிடுங்கள். பிறகு பாடங்களை எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு ஒன்று, உள்ளுக்குள் ஒன்று என இரண்டு பிரதி வைப்பதிலும் தவறில்லை. ஆனால் இரண்டிலும் நடந்த விஷயங்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும். விலை நிர்ணயம், லாபம் மாதிரியான விஷயங்கள் மட்டும் வெளிப்பிரதியில் இல்லாமல் போகலாம். விவரமே மாறினால் என்றாவது ஒருநாள் இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்கும்.

இன்னொரு பயம் மேலே பார்த்து வருவது. இந்த ப்ராஜெக்ட்டின் முதல் மதிப்பீட்டில் டேட்டா வேலைக்கு ஆறு வாரம் இருந்தது. விலையைக் குறைத்து ஆர்டரைப் பிடிக்க அதை மூன்று வாரமாக்கினார்கள். குடோனுக்கு நேரில் போய் எண்ணுகிற வேலை அந்த வெட்டில்தான் போயிருந்தது. முதல் ரிப்போர்ட்டில் இது ஒரு எழுத்துகூட இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் வெட்டியவர்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர். அவரிடம் நேராகப் போய்ச் சொன்னேன்: வெட்டியது தவறு என்று எழுதவில்லை, வெட்டியதில் எந்த வேலை போனது என்று எழுதுகிறோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். விண்கல அறிக்கை ஆள் பற்றாக்குறையை எழுதியிருக்கிறது என்றால், அது மேலே இருந்தவர்களின் முடிவையும் தொட்டது என்றுதான் அர்த்தம். கீழே இருக்கிறவர்களின் தவறுகளை மட்டும் பட்டியலிடுகிற பாடத்தை, அடுத்த ப்ராஜெக்ட்டில் கீழே இருக்கப்போகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

எழுதியது எங்கே போகிறது என்பது கடைசிச் சிக்கல். நாசாவிடமே பாடங்களைச் சேர்த்து வைக்கிற பெரிய கணினித் தொகுப்பு உண்டு. 2012-இல் நாசாவின் தலைமைத் தணிக்கை அலுவலகம் அதை ஆராய்ந்தபோது, ப்ராஜெக்ட் மேனேஜர்கள் அதில் வழக்கமாகத் தேடுவதும் இல்லை, எழுதுவதும் இல்லை என்று கண்டது. அங்கேயே அப்படியென்றால் நம் ஷேர்டு ஃபோல்டரில் கிடக்கிற பிடிஎஃப்பை யார் திறக்கப்போகிறார்கள்? பாடம் வேலை செய்ய வேண்டுமென்றால், அடுத்த மேனேஜர் தேடாமலே அவர் கண்ணில் பட வேண்டும். அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு பாடத்துக்குப் பக்கத்திலும் 'எந்தக் கோப்பில் சேர்த்தாயிற்று' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். குடோனில் எண்ணும் வேலை மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டது; வெட்டுகிறவர் இனி அதைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கேள்வியைக் கேட்டவரே மூட வேண்டும் என்பது மினிட்ஸ் டெம்ப்ளேட்டில் ஒரு கட்டமாகிவிட்டது. சேர்க்க இடம் கிடைக்காத பாடம் இன்னும் பாடமாகவில்லை என்று அர்த்தம். அதை மறுபடி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். பத்துப் பாடம் வேண்டாம், இப்படி இடம் பிடித்த இரண்டு போதும்.

எழுதுகிற நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தால், அதற்குள் பாதிப்பேர் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போயிருப்பார்கள். ஒவ்வொரு மைல்ஸ்டோன் முடிந்ததும் அரைப் பக்கம் எழுதி வைத்தால், க்ளோஷர் சமயத்தில் தொகுப்பது மட்டும்தான் வேலை.

இந்த வாரம் யாராவது க்ளோஷர் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். பாடங்கள் பகுதியை உங்கள் மேலதிகாரிக்கு அனுப்பும் முன், பிரச்சினையை முதலில் பார்த்துச் சொன்ன ஆள் யாரோ, அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் டெஸ்டராக இருக்கலாம், குடோன்காரராக இருக்கலாம், நேற்று சேர்ந்த ட்ரெய்னியாகவும் இருக்கலாம். நடந்தது இதுதான் என்று அவர் சொன்னால் அனுப்புங்கள். இல்லையென்றால் அவரை உட்கார வைத்துக் கேட்டுத் திருத்தி எழுதுங்கள்.